அக்ரிமென்ட்ல இல்லாத காசை சாவிக்காக கட்டாதீங்க

அக்ரிமென்ட்ல இல்லாத காசை பில்டர் கேட்ட கேஸ் ஒண்ணு இந்த மாசமும் என்கிட்ட வந்திருக்கு. 1,100 சதுர அடி ஃபிளாட், 65 லட்சம் விலை, சாவி வாங்குறப்ப கட்ட வேண்டிய கடைசி தவணை 5 சதவீதம், அதாவது 3,25,000. ஆனா பில்டர் அனுப்புன டிமாண்ட் லெட்டர்ல 6,57,500 கேட்டிருக்காங்க. ஓப்பன் கார் பார்க்கிங்னு ஒரு 2,50,000, கார்பஸ் ஃபண்ட்னு சதுர அடிக்கு 75 வீதம் 82,500. அக்ரிமென்டை பேமென்ட் ஷெட்யூல் வரைக்கும் வரி வரியா படிச்சேன், ரெண்டுக்கும் ஒரு வார்த்தை கூட இல்ல.

இதுல எனக்கு வர்ற கோபம் பில்டர் மேல மட்டும் இல்லங்க. வர்றவங்கள்ல பாதி பேர் "லெட்டர்ஹெட்ல போட்டு சீல் வச்சு குடுத்துட்டாங்களே சார், கட்டித்தானே ஆகணும்"னு சொல்றாங்க. டிமாண்ட் லெட்டர்ங்கிறது பில்டர் கேக்குற கேள்வி, அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ரிஜிஸ்டர் பண்ணின அக்ரிமென்ட்தான் கடன். பில்டர் தன் இஷ்டத்துக்கு அடிக்கிற லெட்டர் அதுல ஒரு வரியைக்கூட சேக்க முடியாது. பக்கத்து ஃபிளாட்காரர் கட்டிட்டாருங்கிறதாலயும் அது உங்க கடன் ஆகாது, வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் ஓகே சொன்னாங்கங்கிறதாலயும் ஆகாது. ஆனா "அதர் சார்ஜஸ்", "ஒப்படைக்கும்போது தீர்மானிக்கப்படும் தொகை" மாதிரி ஏதாவது வரி ஒளிஞ்சிருக்கான்னு மட்டும் நல்லா பாத்துக்கங்க, இருந்தா நம்ம வாதம் வேற மாதிரி போகும்.

இன்னொரு பாதி பேர் கோபத்துல எதையுமே கட்டாம உக்காந்துடுறாங்க, இது அதைவிட மோசம். நியாயமான 3,25,000-ஐயும் சேத்து நிறுத்துனா, பில்டருக்கும் வீடு வாங்குறவங்களுக்கும் பொதுவான ரெரா சட்டம் 19-வது பிரிவுப்படி தாமதத்துக்கு வட்டி கட்ட வேண்டியது நீங்க, பில்டருக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் குடுத்த மாதிரி. அதனால ஒத்துக்கிற தொகையை கெடு தேதிக்குள்ள பேங்க் வழியா கட்டி, அந்த டிரான்ஸ்ஃபரோட யுடிஆர் நம்பரை எடுத்து வச்சுக்கிட்டு, மீதிக்குத்தான் ஆட்சேபணை லெட்டர். மாசாந்திர மெயின்டனன்ஸையும் இதோட குழப்பிக்காதீங்க, அது நியாயமான அளவுல கட்ட வேண்டியதுதான்.

லெட்டர்ல வசவு வேண்டாம், உங்க கஷ்டக் கதையும் வேண்டாம். அக்ரிமென்ட் தேதி, பதிவு எண், டிமாண்ட் லெட்டர் தேதியை மேல போட்டுட்டு நான் எழுதிக் குடுக்குறது இப்படித்தான் இருக்கும்:

"தாங்கள் கோரிய தொகையில் கடைசித் தவணை ரூ.3,25,000-ஐ இன்று செலுத்திவிட்டேன். பார்க்கிங் ரூ.2,50,000, கார்பஸ் ரூ.82,500 ஆகியவற்றை ஆட்சேபிக்கிறேன். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி இவை கோரப்படுகின்றன என்பதை 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். இத்தொகைகளைக் காரணம் காட்டிச் சாவியை நிறுத்தி வைக்க வேண்டாம்."

அதுக்குக் கீழ பார்க்கிங்குக்கு ஒரு பத்தி. ரெரா சட்டம் 2-வது பிரிவுல ஓப்பன் பார்க்கிங் பொது இடத்துக்குள்ள வருது, பொது இடத்தை ஒருத்தருக்கு தனியா விக்க முடியாது. உங்களுக்கு வந்தது கூரை போட்ட பார்க்கிங்னா இந்த வாதம் அப்படியே எடுபடாது. அக்ரிமென்ட்ல இல்லாத அந்த இடத்தை நீங்களும் இலவசமா கேக்க முடியாது, வேணுமா வேண்டாமாங்கிறது உங்க முடிவு, ஆனா அதை சாவியோட கட்டிப்போடக் கூடாதுன்னு எழுதலாம். பார்க்கிங் காசை கேஷா கேட்டு ரசீது இல்லன்னு சொன்னா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க.

கார்பஸுக்கு இன்னொரு பத்தி. அது பில்டர் லாபம் இல்ல, குடியிருக்கிறவங்க பணம், பின்னாடி லிஃப்ட் மாத்தவோ பெயின்ட் அடிக்கவோ ஆகும். அதனால எந்தக் கணக்குல போடப்போறாங்க, அசோசியேஷன் எப்ப பதிவாகும், கணக்கு எப்ப ஒப்படைப்பாங்கன்னு கேளுங்க. அசோசியேஷன் ஆரம்பிச்சு பொதுக்குழு முடிவு பண்ணினா அதோட கணக்குல நேரா கட்டுறேன்னு ஒரு வரி சேத்துடுங்க, வம்புக்காக எழுதலங்கிறது அதுலயே தெரிஞ்சிடும்.

லெட்டரை அக்ரிமென்ட்ல நோட்டீஸ் அனுப்பன்னு போட்டிருக்கிற முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்ல, ரிஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி சான்றும் சேத்து அனுப்புங்க, கூடவே ஈமெயில். சைட் ஆபீஸ்ல இருக்கிற பையன் கிட்ட குடுத்துட்டு வந்துட்டு "குடுத்தேன் சார்"னு சொன்னா நான் என்ன பண்றது?

வாடகை வீட்டை காலி பண்ணியாச்சு, வேற வழியே இல்லன்னா கட்டுங்க, ஆனா அந்த ரெண்டு தொகையை தனித்தனி டிரான்ஸ்ஃபரா போட்டு, கட்டுறதுக்கு முன்னாடியே "ஆட்சேபணையோடு செலுத்துகிறேன், திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு"ன்னு மெயில் போட்டுடுங்க. சாவி குடுக்குறப்ப நீட்டுற பேப்பர்ல "எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும், தயவுசெஞ்சு அதை அடிச்சுட்டு கையெழுத்து போடுங்க. அடிக்க விடலன்னா கையெழுத்துக்குப் பக்கத்துலயே ஆட்சேபணைன்னு எழுதி ஃபோட்டோ எடுத்துக்கங்க.

15 நாள்ல பதில் வரலன்னா 31-வது பிரிவுல தமிழ்நாடு ரெராவுல புகார். அப்ப நான் கேக்கப்போறது அக்ரிமென்ட், டிமாண்ட் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், உங்க ஆட்சேபணை லெட்டர், அந்த டெலிவரி சான்று.