எண்பத்தைந்து ரூபாச் சட்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வனையும் மண்சட்டி ஒன்றுக்குத் தயிர்க்காரர் கேட்ட 85 ரூபாவுக்கு நீங்கள் தலையாட்டிவிட்டதாக மகள் நேற்று போன் எடுத்துச் சொன்னாள். இன்னும் அட்வான்ஸ் வாங்கவில்லை என்றால் முதலில் இதை வாசியுங்கள். திருகோணமலைப் பக்கத்தில் இதே கதையோடு இந்த வருசம் என்னிடம் வந்த நாலாவது ஆள் நீங்கள். அதனால்தான் பெயரை எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்கப் போடுகிறேன். கோவிக்க வேண்டாம்.

உங்கள் கொப்பியைப் பார்த்தேன். ஒரு சூளைக்கு மண் 2,400 ரூபா, விறகு 10,500 ரூபா. இரண்டையும் கூட்டி, வனைந்த 600 சட்டியால் பிரித்து, ஒரு சட்டி 21 ரூபா 50 சதம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறீர்கள். மிச்சமெல்லாம் லாபமாம்! ஆறு நாள் சக்கரத்தில் குந்தியிருந்தது யார்? அண்ணியும் மகனும் மூன்று நாள் மண் மிதித்துக் கல் பொறுக்கியது கோயில் தொண்டா? அதே வேலைக்கு வெளியில் ஆள் பிடித்தால் கொடுக்கும் கூலியைத்தான் எழுத வேண்டும். உங்களுக்கு நாளுக்கு 2,500, அவர்கள் இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 2,000 என்று குறைத்தே போட்டாலும் 21,000 ரூபா வருகிறது. மண்ணோடு சேர்த்தால் 23,400. பச்சைச் சட்டி ஒன்று 39 ரூபா. நெருப்பு இன்னும் மூட்டவில்லை.

இனி சூளை. விறகு 10,500, வைக்கோலும் பொச்சும் 1,500, அடுக்கி, இரவு முழித்துச் சுட்டு, ஆறவிட்டு இறக்கும் கூலி 6,000. வருசா வருசம் சூளைச் சுவர் பூசித் திருத்தச் செலவழிக்கும் 24,000 ரூபாவையும் விட்டுவிட முடியாது. வருசத்துக்கு 12 தரம் சுடுகிறீர்கள், ஆகவே ஒரு தரத்துக்கு 2,000. எல்லாமாக 20,000. சூளை நிறைந்தாலும் பாதியாகக் கிடந்தாலும் இந்தத் தொகை பெரிதாக மாறாது. கண்ணன் கடைக்கு அவசரம், மாமா வீட்டுக்கு அவசரம் என்று அரைச்சூளை சுடுவதை நிறுத்துங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். “உடைஞ்சா என்ன தம்பி, மண்தானே.” நாலு பேரும் இதைத்தான் சொன்னீர்கள், ஏதோ ஒருவரிடம் ஒருவர் பாடமாக்கியது மாதிரி. காயும்போது வெடித்த சட்டி மண்தான், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரில் போட்டால் கரையும், திரும்பக் குழைக்கலாம். ஆனால் அப்படித் திரும்பி வருவது ஒரு சட்டிக்கு 4 ரூபா மண். அதில் போன 35 ரூபாக் கூலி எந்தத் தொட்டியில் ஊறப்போட்டாலும் திரும்பாது. சுட்ட பிறகு உடைந்தது மண்ணே இல்லை. சுமார் 600 பாகைச் சூட்டைத் தாண்டினால் களியின் உள்ளே பிணைந்திருந்த நீர் போய்விடுகிறது, பிறகு ஒரு வருசம் ஊறவைத்தாலும் அது களியாகாது. இடித்துத் தூளாக்கிப் புது மண்ணோடு கொஞ்சம் கலக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் மண், உங்கள் ஆறு நாள், விறகு, இரவு முழித்த கண் எல்லாம் இருக்கிறது. பச்சையில் உடைவதும் சூளைக்குப் பின் உடைவதும் ஒரே நட்டம் இல்லை என்பதை எத்தனை தரம் சொல்வது?

உங்கள் ஐப்பசிச் சூளையையே எடுப்போம். வனைந்தது 600. காயும்போது 40 வெடித்தது, சூளைக்குள் போனது 560. அந்த 40இன் பாரத்தை மற்றவை சுமப்பதால் பச்சைச் சட்டி 39இலிருந்து 41.79 ஆகிறது. (திரும்பிய மண் மொத்தமே 160 ரூபா, அதை விட்டுவிடுவோம்.) சூட்டுச் செலவு 20,000ஐயும் சேர்த்தால் 43,400. சூளைக்குள் இருக்கும்போது சட்டி ஒன்று 77.50. இறக்கும்போது 50 போனது. சில உடைந்தே கிடந்தன, சில முழுசாக இருந்தும் விரலால் தட்டினால் டங் என்று பாடாமல் தொப்பென்று கேட்டன. அவற்றில் மயிர்க்கீறல் இருக்கும், தயிர் ஊற்றினால் கசியும். மிச்சம் 510. இப்போது அதே 43,400ஐ 510ஆல் பிரியுங்கள்: 85 ரூபா 10 சதம்.

தயிர்க்காரர் 85 தருகிறார். சட்டி உங்கள் வாசலைத் தாண்டும் முன்பே 10 சதம் நட்டம்.

அதற்கு மேல் லொறிக்கு 3,000. வழியில் 10 உடைந்தது, காசாகியது 500தான். மொத்தம் 46,400ஐ 500ஆல் பிரித்தால் 92 ரூபா 80 சதம். 85க்கு விற்றால் ஒரு சூளைக்கு 3,900 ரூபா உங்கள் கூலியிலிருந்து அவருக்கு அன்பளிப்பு. கையில் காசு புழங்குவதால் அது தெரிவதில்லை.

கார்த்திகைச் சூளையைப் பற்றியும் கேட்டீர்கள், 560இல் 190 போனதை விலையில் ஏற்றலாமா என்று. கூடாது. எப்போதும் போகிற 50, தொழிலின் சாதாரண நட்டம். அதை நல்ல சட்டி சுமக்கும், வாங்குபவர் கொடுப்பார். மேலதிகமாகப் போன 140 மழைக்குள் அவசரப்பட்டதால் போனது. அதை விலையில் ஏற்றினால் கிண்ணியாவிலோ மூதூரிலோ வேறு சட்டி தேடிப் போவார்கள். 140ஐயும் 85.10ஆல் பெருக்கி, 11,914 ரூபா நட்டம் என்று தனிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அடுத்த மாரியில் கை தயங்கும். சட்டியின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார், குளிர்ந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று எனக்குக் காட்டித் தந்ததே நீங்கள். ஈரம் நெருப்பில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சட்டியைச் சிதறடிக்கும் என்று சொன்னதும் நீங்கள்தான். பிறகு ஏன் அண்ணன்?

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். உடைந்ததை எல்லாம் ஒரே குவியலில் கொட்டாதீர்கள். காயும் கொட்டிலில் ஒன்று, சூளையடியில் ஒன்று என்று பிரித்து எண்ணி, வழியில் உடைந்ததை லொறிக்காரரிடம் கேட்டு, மூன்று எண்களை எழுதுங்கள். ஆறு சூளைக்கு எழுதினால் உங்கள் சாதாரண உடைவு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. மாரிச் சூளையையும் கோடைச் சூளையையும் கலந்து சராசரி எடுக்காதீர்கள்.

தயிர்க்காரரிடம் 105 கேளுங்கள். முகம் சுளித்தால், அவருடைய லொறி உங்கள் வாசலுக்கு வந்து அவருடைய ஆட்கள் ஏற்றினால் 95 என்று சொல்லுங்கள். ஏற்றிய பிறகு உடைவது அவர் பாடு. அதற்குக் கீழே போகச் சொன்னால், மகளிடம் சொல்லி எனக்கு போன் எடுக்கச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். திங்கட்கிழமை பின்னேரம் அந்தப் பக்கம் வருவேன், கொப்பியை ஒளித்துவைக்க வேண்டாம்.

அன்புடன்,
தம்பி