பயன்வழி விலை: ‘வேல்யூ பேஸ்டு பிரைசிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஓர் ஆலோசகர் கொடேஷன் நீட்டினால், முதலாளியின் முதல் கேள்வி பெரும்பாலும் “எத்தனை நாள் வேலை சார்?” என்பதுதான். நாளைக் கேட்டு, நாள் கூலியால் பெருக்கி, அங்கிருந்து பேரம் தொடங்கும். ‘வேல்யூ பேஸ்டு பிரைசிங்’ இந்தக் கேள்வியையே மாற்றுகிறது. வேலை முடிந்தால் ஆலைக்கு எவ்வளவு பணம் மிச்சமாகும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதை வைத்து ஒரே கட்டணத்தை முன்பே பேசி முடிப்பது.

இதை ‘மதிப்பு அடிப்படையிலான விலை நிர்ணயம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். சொல் தவறில்லை, ஆனால் பொருள் நழுவுகிறது. ஆங்கிலத்தின் ‘வேல்யூ’ பழைய பிரெஞ்சு வழியாக ‘வலேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. வலுவாக இருத்தல், தகுதி பெறுதல் என்பது அதன் பொருள். (நம் ‘வலி’யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், உறவு தேட வேண்டாம்.) தமிழின் ‘மதிப்பு’ மதித்தலிலிருந்து வருவது. மதித்தல் என்றால் மரியாதை, இல்லையென்றால் உத்தேசமாக எடைபோடுவது. அதனால் ‘மதிப்பு அடிப்படையில் விலை’ என்று கேட்டதும், ‘இவருடைய அனுபவத்துக்கும் பட்டத்துக்கும் காசு கேட்கிறார்’ என்றுதான் முதலாளிக்குத் தோன்றும். இங்கே பேச்சு ஆலோசகரின் தகுதியைப் பற்றியதே அல்ல, வாங்குபவர் கையில் தங்கும் பணத்தைப் பற்றியது.

அதற்குத் தமிழில் ‘பயன்’ இருக்கிறது. மரம் பயக்கிறது, நிலம் பயக்கிறது. ‘விலை’ என்பது விற்பவர் பக்கத்துச் சொல், ‘வில்’ என்ற வேரிலிருந்து வந்தது. பயனோ பெறுபவர் பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து ‘பயன்வழி விலை’ என்றால் விஷயம் முழுதாக வந்துவிடுகிறது. ‘ஊதியம்’ என்ற சொல்லைக்கூட யோசித்தேன். குறள் 461-இல் அழிவது, ஆவது, அதன்பின் கிடைக்கும் ஊதியம் என்று வரும்போது அது இலாபத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் இன்று ஊதியம் என்றால் மாதச் சம்பளம், ஆகவே குழப்பம்தான் மிஞ்சும்.

சொல் புதிது என்றாலும் நடைமுறை பழசு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் பூவையும் பிஞ்சையும் பார்த்து, எத்தனை மூட்டை தேறும் என்று கணித்துத் தொகை சொல்கிறார். தோப்புக்காரர் எத்தனை நாள் களை எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. எதிர்பார்க்கும் விளைச்சலில் தனக்கு ஒரு பங்கு நிற்கும்படி பார்த்துக்கொண்டுதான் அவர் விலை பேசுகிறார். பயன்வழி விலையும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் ஆலை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரங்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் 75 கிலோவாட் கம்ப்ரசர், ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓட்டம். விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுகிறார் ஆலோசகர். 3 நிமிடம் லோடில், அதாவது காற்றை அழுத்தியபடி ஓடுகிறது, 7 நிமிடம் அன்லோடில், காற்றை அழுத்தாமல் சும்மா சுழன்றபடி கிடக்கிறது. யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது பத்தில் மூன்று நிமிடம் லோடு என்றால், கம்ப்ரசரின் திறனில் 30 சதவீதம் குழாயிலும் இணைப்பிலும் கசிகிறது என்று பொருள். இதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர முடியும் என்கிறார்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 20 சதவீதம், 75 கிலோவாட், 6,000 மணி என்று பெருக்கினால் 90,000 யூனிட் வரும். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் 6,30,000 ரூபாய். பார்க்க அழகான எண், ஆனால் பொய். அன்லோடில் கிடக்கும்போதும் கம்ப்ரசர் மின்சாரம் இழுக்கிறது. இந்த இயந்திரம் 25 கிலோவாட் இழுக்கிறது என்றால், லோடிலிருந்து அன்லோடுக்குப் போவதால் மிச்சமாவது 50 கிலோவாட்தான். உண்மை மிச்சம் 60,000 யூனிட், அதாவது 4,20,000 ரூபாய். (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பொருத்திய கம்ப்ரசர் என்றால் கணக்கே வேறு.) அந்த 7 ரூபாயும் யூனிட் கட்டணம் மட்டுமாக இருக்க வேண்டும். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்தால், ஆலையின் உச்ச மின்தேவைக்குப் போடும் டிமாண்ட் கட்டணமும் உள்ளே வந்துவிடும், கசிவை அடைப்பதால் அது குறையும் என்று உறுதியில்லை. பெரிய எண்ணைக் காட்டி விலை பேசியவர், ஆறு மாதம் கழித்து மீட்டரைப் பார்த்த முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, 4,20,000 முழுவதும் ஆலோசகரால் வந்த பயனா? அதுவும் இல்லை. கம்ப்ரசர் கம்பெனியின் சர்வீஸ் ஆள் 30,000 ரூபாய்க்கு வந்து, பெரிய கசிவுகளை அடைத்து 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடுவார் என்றால், பாதிப் பயன் அவரிடமே கிடைக்கிறது. ஆலோசகர் கூடுதலாகத் தருவது மீதி 2,10,000 மட்டுமே. சின்னக் கசிவுகளைத் தேடி அடைக்கக் கூடுதல் ஹோஸ், ஃபிட்டிங், கூலி என்று 40,000 போகும். ஆக, உச்ச விலை, சர்வீஸ் ஆளுக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் 30,000 கூட்டல் 2,10,000 கழித்தல் 40,000, அதாவது 2,00,000. அதற்கு மேல் கேட்டால் முதலாளி சர்வீஸ் ஆளையே கூப்பிடுவது நியாயம். கீழ் எல்லை ஆலோசகரின் சொந்தச் செலவு: 6 நாள், நாளுக்கு 8,000 என்றால் 48,000. இடையில் 90,000-க்குப் பேசி முடித்தால், மாற்றுவழியைவிட முதலாளிக்கு 1,10,000 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. நாள் கூலி பேசியிருந்தால் ஆலோசகர் 48,000-உடன் வீட்டுக்குப் போயிருப்பார்.

இன்னொரு சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ‘மிச்சமானதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்பது பயன்வழி விலை அல்ல, அது வாரம். வாரத்துக்கு நிலம் உழுபவர்போல, விளைந்தால்தான் பங்கு. அதற்குக் களத்தில் நெல் அளப்பதுபோல அளவு வேண்டும். முன்பு ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை யூனிட், இப்போது எத்தனை என்று கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் வைத்துப் பதிவு செய்யாமல் வாரம் பேசினால், ‘ஆர்டர் குறைந்ததால் பில் குறைந்தது’ என்பதில் சண்டை வரும். வாரம் எல்லாரும் பேசவும் முடியாது: இந்தியாவில் வழக்கறிஞர்கள் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்களுக்கும் சில விலக்குகள் தவிர அதே தடைதான். முன்பே பேசி முடித்த பயன்வழி விலையில் மிச்சம் குறைந்தாலும் கூடினாலும் கட்டணம் மாறாது. அதனால்தான் மேலே கணக்கில் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், கசிவு திரும்ப வரும். ஒரு வருடத்தில் இணைப்புகள் தளரும், ஹோஸ் வெடிக்கும். ஆனால் அதற்குள் ஆலையின் ஃபிட்டர் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கக் கற்றுக்கொண்டிருப்பார், முதலாளிக்கு இலவச மாற்றுவழி ஒன்று கிடைத்துவிட்டது. அதே ஆலோசகர் அதே வேலைக்கு மறுபடி வந்தால் 90,000 கேட்க முடியாது. அவர் கூடுதலாகத் தரும் பயன் சுருங்கிவிட்டது. இந்தத் தடவை நாள் கூலி பேசுவதுதான் சரி.