கிரேக்க ஜாடியின் கறுப்பு எங்கிருந்து வந்தது?

மியூனிக் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸில் செய்த ஒரு ஜாடி இருக்கிறது. வயது 2,500 ஆண்டுக்கும் மேல். இரண்டு பக்கமும் ஒரே காட்சிதான்: கிரேக்கப் புராண வீரன் ஹெரக்ளீஸ் மஞ்சத்தில் சாய்ந்து விருந்துண்கிறான், எதிரில் அதீனா தேவி நிற்கிறாள். ஒரு பக்கத்தில் உருவங்கள் கறுப்பு, பின்னணி சிவப்பு. திருப்பிப் பார்த்தால் நிறங்கள் அப்படியே இடம் மாறியிருக்கும். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே சூளையில், ஒன்றாக வெந்தவை.

அந்தக் கறுப்பு தனிச் சாயம் அல்ல, ஜாடி செய்த அதே இரும்புச்சத்து மிகுந்த களிமண்தான். மண்ணை நீரில் கரைத்து வைத்தால் பருமணல் அடியில் தங்கிவிடும். மேலே மிதக்கும் மிக நுண்ணிய துகள்களை மட்டும் வடித்து, குழம்பாக வற்றவைத்தார்கள். சுடுவதற்கு முன் இந்தக் குழம்புக்கும் ஜாடிக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓவியர் கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு வரைந்தது மாதிரிதான்.

சூளையில் முதலில் காற்றுவழியைத் திறந்து வைத்து சுமார் 800 டிகிரி வரை ஏற்றுவார்கள். இரும்பு ஆக்சிஜனோடு சேர, ஜாடி முழுதும் சிவக்கும். அப்புறம் வழியை அடைத்துவிட்டு, ஈர விறகைப் போட்டு 900-ஐத் தாண்டவிடுவார்கள். உள்ளே சேரும் கார்பன் மோனாக்சைடு, மண்ணிலுள்ள இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு, மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். இப்போது ஜாடி முழுதும் கறுப்பு!

இந்தச் சூட்டில்தான் விஷயமே இருக்கிறது. குழம்பில் துகள் நுண்மை, பொட்டாசியம் அதிகம், சுண்ணாம்பு குறைவு. அதனால் அது லேசாக உருகிக் கண்ணாடி போல இறுகிவிடும். ஜாடியின் மண்ணோ நுண்துளைகளோடு அப்படியே இருக்கும். கடைசியாகச் சூட்டைக் கொஞ்சம் இறக்கிக் காற்றை மறுபடி விட்டால், துளைகள் வழியே ஆக்சிஜன் புகுந்து வெறும் மண் மீண்டும் சிவக்கும். இறுகிய குழம்புக்குள் அது நுழைய முடியாது, எனவே அங்கே கறுப்பு நிலைத்துவிடும்.

கறுப்பு உருவ முறையில் உருவத்துக்குக் குழம்பைப் பூசி, முகம், மடிப்பு போன்றவற்றைக் கூர்முனையால் கீறினார்கள். சிவப்பு உருவ முறையில் பின்னணிக்குப் பூசினார்கள். உருவம் வெறும் மண்ணாக நிற்க, தசையும் துணிமடிப்பும் தூரிகைக்கு வந்தன. கெட்டியான குழம்பில் இழுத்த சில கோடுகள் விரலால் தடவினால் இன்றும் தட்டுப்படும்.

சூடு போதாவிட்டால் குழம்பு இறுகாது, கறுக்க வேண்டிய இடமும் சிவந்துவிடும். அளவு மீறினால் ஜாடியின் மண்ணும் மூடிக்கொண்டு சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடும். அடுக்கும்போது ஜாடிகள் ஒட்டிக்கொண்ட இடத்தில் புகை சரியாகப் போகாமல் சிவப்புத் திட்டு விழும். வெப்பமானி இல்லாத காலம் அல்லவா? துளையிட்ட, குழம்பு பூசிய சில்லுகளை உள்ளே வைத்து, அவ்வப்போது கொக்கியால் ஒன்றை வெளியே இழுத்து நிறம் பார்த்தார்கள். திட்டு விழுந்த ஜாடிகளும் வீணாகவில்லை. அவற்றையும் விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது.