450 டிகிரி எதற்கு? தொடு முறைக் கேள்விக்கு ஒரு பதில்

சல்பியூரிக் அமிலத்தைத் தொடு முறையில் தயாரிப்பதை எழுதச் சொன்னால், தருமபுரிப் பிள்ளைகள் சமன்பாடுகளைத் தடுமாறாமல் எழுதிவிடுவார்கள். "வெப்பநிலை 450 டிகிரி" என்ற வரிக்குக் காரணம் கேட்டால்தான் பேனா நிற்கும்.

கந்தகத்தை உலர்ந்த காற்றில் எரித்தால் சல்பர் டைஆக்சைடு வரும். அடுத்த படிதான் சிக்கலானது:

2SO₂ + O₂ ⇌ 2SO₃

இது வெப்பம் உமிழும் மீள் வினை. ஆகவே லீ சாட்லியர் தத்துவப்படி, வெப்பநிலை குறையக் குறைய SO₃ அதிகம் கிடைக்க வேண்டும். கிடைக்கும்தான், ஆனால் வினை மிக மெதுவாக நடக்கும். வினைவேக மாற்றியான வனேடியம் பென்டாக்சைடும் 400 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. சூட்டைக் கூட்டினால் வேகம் வரும், விளைச்சல் குறையும். 450 என்பது இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். அழுத்தம் கூட்டினாலும் SO₃ பெருகும். ஆனால் இந்த வெப்பநிலையில் சாதாரண அழுத்தத்திலேயே 95 சதவீதத்துக்கு மேல் கிடைப்பதால், அதற்குச் செலவழிக்க யாரும் விரும்புவதில்லை.

தொழிற்சாலையில் அந்த 450 ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. வாயு சுமார் 420 டிகிரியில் முதல் வினைவேக மாற்றி அடுக்குக்குள் நுழையும். வினையின் வெப்பமே அதை 600 டிகிரி வரை ஏற்றிவிடும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் வினை நின்றுபோகும். அப்புறம் வாயுவைக் குளிர்வித்து அடுத்த அடுக்குக்கு அனுப்புவார்கள். இப்படி நான்கு அடுக்குகள் தாண்டும்போது சுமார் 98 சதவீதம் மாறியிருக்கும்.

சரி, SO₃ கிடைத்தது, நீரில் கரைத்தால் அமிலம்தானே? அப்படிச் செய்தால் அமிலம் நுண்துளிப் பனியாகிவிடும், அதைப் பிடிப்பது கடினம். அதனால் 98 சதவீத சல்பியூரிக் அமிலத்தில் கரைத்து ஓலியமாக்கி, பிறகு நீர் சேர்ப்பார்கள்:

H₂SO₄ + SO₃ → H₂S₂O₇
H₂S₂O₇ + H₂O → 2H₂SO₄

உறிஞ்சும் அமிலத்தின் செறிவு 98-ஐ விட்டு விலகினால், புகைபோக்கியில் வெள்ளைப் புகை கட்டியாகத் தெரியும். குறைந்தால் அமிலத்தின் நீராவி SO₃-ஐப் பனியாக்கும். கூடினால் SO₃ கரையாமல் வெளியேறி, காற்றின் ஈரத்தோடு சேரும்.

பயன்களில் உரத்தை முதலில் எழுதுங்கள், உலகில் இந்த அமிலம் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. நீரில் கரையாத பாஸ்பேட் பாறையை அமிலம் கரையும் பாஸ்பேட்டாக மாற்றும்:

Ca₃(PO₄)₂ + 2H₂SO₄ → Ca(H₂PO₄)₂ + 2CaSO₄

கால்சியம் சல்பேட்டைப் பிரிப்பதில்லை, சூப்பர் பாஸ்பேட் மூட்டையிலேயே அதுவும் வரும். கிருஷ்ணகிரி மானாவாரி நிலக்கடலைக்கு அது நல்லதுதான். காய் திரளக் கால்சியம் வேண்டும், எண்ணெய் பிடிக்கக் கந்தகம் வேண்டும். வாகன பேட்டரி, எஃகின் துருவைக் கழுவுதல் போன்றவை பிறகு வரட்டும்.