மரத்துப்போன காலும் பனிப்புல்லும்: வெறுங்காலில் நடக்கும் முன்

நீலகிரியில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. கொஞ்ச காலமாகவே வருகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டாக்டர், விடியக்காலையில் பனிப்புல்லில் வெறுங்காலோடு நடந்தா நல்லதாமே? கண் தெளியுமாம், சர்க்கரை இறங்குமாம், நரம்பெல்லாம் தூண்டப்படுமாம்."

இதில் உண்மையும் உண்டு. நம் உள்ளங்காலில் தொடு உணர்வு மிகக் கூர்மையானது. தரை மேடா, பள்ளமா, வழுக்குகிறதா என்று அது மூளைக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெறுங்காலில் நடக்கும்போது விரல்கள் விரிந்து தரையைப் பற்றும், பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளுக்கு வேலை கிடைக்கும். குழந்தைகளுக்கு இது நல்லது. மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், செருப்பு அணிந்து பழகிய குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 சதவீதம்தான்.

கண் தெளியும் என்பதில் உண்மை இல்லை. பார்வைக் குறைபாடு பெரும்பாலும் கண்விழியின் நீளம், லென்ஸ் போன்றவற்றைப் பொறுத்தது, புல்லில் நடந்து அதை மாற்ற முடியாது. சர்க்கரை குறைவது நடையால். ஷூ போட்டு நடந்தாலும் அதே அளவு குறையும்.

என்னைக் கவலைப்பட வைப்பது மூன்றாவது வாக்குறுதிதான். நரம்பு தூண்டப்படும் என்று கேட்டதும் முதலில் புல்லில் இறங்குகிறவர், சர்க்கரையால் நரம்பு கெட்டு ஏற்கெனவே கால் மரத்துப்போனவர். வெறுங்கால் நடையின் நன்மை முழுவதும் உள்ளங்காலின் உணர்வை நம்பியே இருக்கிறது. அந்த உணர்வு போனவருக்கு நன்மை கிடைக்காது, ஆபத்து மட்டும் மிஞ்சும்.

கோத்தகிரி பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். வயது 58, தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாகச் சர்க்கரை. கால் மதமதவென்று இருப்பதை, "இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தானே" என்று விட்டுவிட்டார். வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, ஜனவரி மாத உறைபனியில், வீட்டை ஒட்டிய புல்தரையில் தினமும் அரை மணி நேரம் நடக்க ஆரம்பித்தார். நடந்து முடித்ததும் கால் ஐஸாக இருக்கும். பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை உள்ளே வைத்துக்கொள்வார்.

என்னிடம் வந்தபோது வலது காலில் கணுக்காலுக்குக் கீழே கோடு கிழித்தாற்போல் ஒரு விளிம்பு. அதற்குக் கீழே தோல் முழுதும் சிவந்து, விரல்களின் மேல் நீர் கோத்த கொப்புளங்கள். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. "தண்ணி சூடா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்லையே டாக்டர், இதமாத்தான் இருந்துச்சு" என்றார். வலதுகாலை மட்டும்தான் காட்ட வந்திருந்தார். இடதுகாலையும் தூக்கிப் பார்த்தபோது, கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் மச்சம் மாதிரி ஒரு கரும்புள்ளி. அழுத்தினால் சீழ் வந்தது. உள்ளே இருந்தது கவாத்து செய்த தேயிலைக் குச்சியின் சிம்பு, ஓர் அரிசி நீளம். எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

நைலான் இழை வைத்துச் சோதித்தேன். தோலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் அந்த இழை வளைந்துவிடும். உணர்வுள்ள பாதம் அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். இவருக்கு இரண்டு கால்களின் விரல்களிலும் ஒன்றுமே தெரியவில்லை. நல்லவேளையாகப் பாதத்து நாடித்துடிப்பு நன்றாக இருந்தது, எக்ஸ்ரேயில் எலும்பும் பாதிக்கப்படவில்லை. சிம்பை எடுத்து, டி.டி. ஊசி போட்டு, சீழுக்கு மருந்து கொடுத்து, அந்தக் காலை ஊன்றாமல் இருக்க ஏற்பாடு செய்தோம். புண் முழுதாக ஆற இரண்டு மாதம் ஆனது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் விரலைக் காப்பாற்றுவதே சிரமமாகியிருக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு வரும் குழப்பமே இதுதான்: குளிரில் மரத்ததா, நரம்பு கெட்டதா? குளிரால் என்றால், போர்வைக்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே உணர்வு திரும்பிவிடும். நரம்பால் என்றால் மத்தியான வெயிலிலும் மதமதப்பு போகாது, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாலும் கூடவே வரும். பெரும்பாலும் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். ராத்திரியில் எரிச்சலோ ஊசி குத்துவது போலவோ இருக்கும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு அடி நடந்திருந்தால், அது நரம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலைக் கதகதப்பாக்கிய பிறகு படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் தொட வேண்டும். மொத்தம் ஆறு இடம். இறகு பட்டாற்போல லேசாக, ஒன்றிரண்டு வினாடிதான். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்றால் மறுபடி தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாத உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள், மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்க வேண்டாம். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு நடப்பதும் வெறுங்காலுக்குச் சமம்தான். மெத்தென்ற ரப்பர் அடியோடு பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூஜையறைக்குள் செருப்பு எப்படி என்று தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அங்கே வரை செருப்போடு போய், வாசலில் கழற்றி, உள்ளே மணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து கும்பிடுங்கள். குளிருக்குத் தளர்வான கம்பளி சாக்ஸ் போதும். வெந்நீர்ப் பை, ஹீட்டர், கரி அடுப்பு எதையும் காலுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கழுவும் தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் முழங்கை வைத்துப் பார்க்கட்டும்.

நரம்பும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவர்கள் புல்லில் தாராளமாக நடக்கலாம். வெயில் ஏறி உறைபனி உருகிய பிறகு, கண்ணுக்குத் தெரியும் குட்டைப் புல்லில், முதலில் ஐந்து பத்து நிமிடம். தேயிலைப் பாத்திக்குள்ளும் கவாத்துக் கழிவு கிடக்கும் இடத்திலும் வேண்டாம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறது என்றால் வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நடப்பது அதைக் கூட்டும். மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

நடந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர் காலில் கொப்புளமோ கரும்புள்ளியோ ஈரமோ தெரிந்தால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், மஞ்சள் அப்பாமல், சுத்தமான துணியால் மூடிக்கொண்டு அன்றைக்கே வாருங்கள்.