தொடர் நிகழ்காலம்: பெயரில் உள்ள ‘தொடர்’ எதைத் தொடர்கிறது?

ஆங்கில இலக்கணத்தின் ‘டென்ஸ்’, காலத்தைக் குறிக்கும் ‘டெம்பஸ்’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்து தேய்ந்தது. (நமக்கு அடிக்கடி வரும் ‘டென்ஷன்’ வேறு வேர்.) நாமும் ‘காலம்’ என்றே சொல்வதால் அதில் குழப்பமில்லை. குழப்பம் ‘கன்டினியுவஸ்’ என்பதில்தான். ‘சேர்த்துப் பிடித்தல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்து, இடைவிடாமல் நீள்வதைக் குறிக்கிறது. அதை அப்படியே ‘தொடர் நிகழ்காலம்’ ஆக்கிவிட்டோம். ‘ப்ரெசன்ட் சிம்பிள்’ சாதாரண நிகழ்காலம் ஆயிற்று.

பெயரை நம்பி, கோடிட்ட இடத்தை நிரப்புகிற மாணவர் தடுக்கி விழுவது இங்கேதான். இந்த மூன்றையும் பாருங்கள்.

```
1. She ____ at a bank.           / work
2. She ____ from home this week. / work
3. She ____ her boss on Friday.  / meet
```

தமிழில் சொல்லிப் பார்த்தால் வங்கியில் வேலை செய்கிறாள், இந்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள், வெள்ளிக்கிழமை மேலாளரைச் சந்திக்கிறாள். மூன்றிலும் ஒரே ‘கிறு’. நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என மூன்று நிகழ்கால இடைநிலைகளைச் சொன்னாலும், இன்றைய பேச்சில் பெரும்பாலும் கிறு ஒன்றே எல்லாச் சுமையையும் சுமக்கிறது. ஆங்கிலம் அதைப் பிரித்துக் கேட்கிறது.

```
1. works
2. is working
3. is meeting
```

வேடிக்கை என்னவென்றால், ஆண்டுக்கணக்கில் தொடரும் வங்கி வேலைக்குச் சாதாரண நிகழ்காலம்; இந்த வாரத்தோடு முடிகிற ஏற்பாட்டுக்குத்தான் ‘தொடர்’! ஆகவே இரண்டாவதில் ‘தொடர்’ என்பதை ‘இப்போதைக்கு’ என்று படித்துக்கொள்வது நல்லது. மூன்றாவதில் எதுவுமே இன்னும் நடக்கவில்லை. நாளும் ஆளும் பேசி முடிவாகிவிட்ட சந்திப்பு அது. ‘வெள்ளிக்கிழமை சந்தித்துக்கொண்டிருக்கிறாள்’ என்று தமிழில் யாரும் சொல்ல மாட்டோம். அதனால் ‘-இங்’ வடிவத்தைக் ‘கொண்டிரு’ என்றே மனப்பாடம் செய்தவருக்கு இந்த விடை தோன்றுவதே இல்லை. ‘மீட்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்.

பழக்கத்தில் இன்னொரு வழுக்கல். ‘தினமும் காலையில் நடப்பார்’ என்று எதிர்கால வடிவில் பழக்கத்தைச் சொல்வது நமக்கு இயல்பு. அதை நேராகக் கொண்டுபோனால் ‘வில் வாக்’ வந்து நிற்கும். பயிற்சித்தாள் கேட்பது ‘வாக்ஸ்’.

‘தொடர் நிகழ்காலம்’ என்ற பெயரை மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. புழக்கத்தில் ஊறிவிட்டது. ஆனால் ‘நவ்’, ‘எவ்ரி டே’ போன்ற குறிப்புச் சொல்லை மட்டும் பார்த்து நிரப்பும் குறுக்குவழியை விட்டுவிடலாம். ‘நவ்’ இருந்தாலும் ‘நோ’, ‘வான்ட்’ போன்ற அறிதல், விருப்ப வினைகள் பெரும்பாலும் ‘-இங்’ ஏற்பதில்லை. நாளை காலை புறப்படும் ரயிலுக்கு, அட்டவணைப்படி நடப்பது என்பதால், ‘லீவ்ஸ்’ போதும். மேலே உள்ள மூன்றாவது வாக்கியத்தில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள்:

```
She ____ her boss on Fridays. / meet
```

இப்போது விடை ‘மீட்ஸ்’. கடைசி ‘எஸ்’, ஒரு நாள் சந்திப்பை வாராந்தரப் பழக்கமாக்கிவிட்டது.