ஸ்டீலைக் குறை சொல்லும் முன் கணக்கைப் பாருங்கள்

"ஸ்டீல் தரமில்லை" என்று இன்னொரு ரிப்போர்ட் மேஜைக்கு வந்திருக்கிறது. ஒரு முனையில் 20 மி.மீ., மறுமுனையில் 40 மி.மீ. விட்டம் என்று சீராக மாறிக்கொண்டே போகும் வட்டத் தண்டு. அந்தச் சரிவான பகுதியின் நீளம் 1500 மி.மீ. அச்சு வழியே 60 கிலோ நியூட்டன் விசையில் இழுத்திருக்கிறார்கள். டயல் கேஜில் 0.72 மி.மீ. நீட்சி காட்டியது. அவர்கள் கணக்கில் வந்தது 0.64 மி.மீ.தான். அந்த வித்தியாசத்தை அப்படியே பொருளின் தலையில் கட்டி, "யங் குணகம் 177 கிகாபாஸ்கல், சரக்கைத் திருப்பி அனுப்பலாம்" என்று எழுதிவிட்டார்கள்.

இதே மாதிரி ரிப்போர்ட்டுகளைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீலின் யங் குணகம் அவ்வளவு எளிதில் மாறாது. சாதாரண மைல்டு ஸ்டீலாக இருந்தாலும், வெப்பப் பதப்படுத்திய உயர்வலிமை ரகமாக இருந்தாலும், அறை வெப்பநிலையில் அது 200 முதல் 210 கிகாபாஸ்கல் பக்கத்திலேயே நிற்கும். பதப்படுத்தினால் வலிமை கூடும், கடினத்தன்மை கூடும். யங் குணகம் கிட்டத்தட்ட அசையாது. ஆக, ஸ்டீல் தண்டுக்கு 177 என்று விடை வந்தால் சந்தேகம் முதலில் கணக்கின் மேலும் அளவெடுத்த விதத்தின் மேலும்தான் போக வேண்டும். சப்ளையருக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் அப்புறம்.

இங்கே தப்பு கணக்கில்தான். 20-ம் 40-ம் சேர்ந்தால் 60, பாதி 30. எனவே 30 மி.மீ. சீரான தண்டு என்று வைத்துக்கொண்டு விசை P, நீளம் L, வெட்டுப் பரப்பு A, யங் குணகம் E என்று PL/AE போட்டிருக்கிறார்கள். 0.64 அப்படி வந்ததுதான்.

விட்டம் சீராக மாறுகிறது, அதனால் சராசரி விட்டம் போதும் என்று நினைப்பதுதான் என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயம். விட்டம் சீராக மாறுகிறது, உண்மைதான். ஆனால் நீட்சி விட்டத்தைப் பொறுத்து நேராக மாறுவதில்லையே! பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது, நீட்சி அந்தப் பரப்புக்குத் தலைகீழாகப் போகிறது. 20 மி.மீ. இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய துண்டு எவ்வளவு நீளுமோ, 40 மி.மீ. இருக்கும் இடத்தில் அதே தடிமனுள்ள துண்டு அதில் கால் பங்குதான் நீளும். 30 மி.மீ. இடத்தில் உள்ள துண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்காது. மெல்லிய முனையின் நீட்சியை 100 என்று வைத்தால், தடித்த முனையில் 25, நடுவில் 44. இரண்டு முனைகளின் சராசரியோ 62.5. மெல்லிய பக்கம் எவ்வளவு ஆதிக்கம் செய்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

போகும்போது மணிக்கு 20 கி.மீ., திரும்பும்போது 40 கி.மீ. வேகத்தில் வந்தால் மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் 30 ஆகாது, 27-க்கும் கீழேதான் வரும். மெதுவாகப் போன பாதையில்தான் அதிக நேரம் செலவாகிறது. தண்டில் அதே வேலையை மெல்லிய பக்கம் செய்கிறது.

இன்னும் சிலர் "நாங்கள் விட்டத்தைச் சராசரி எடுப்பதில்லை, பரப்பைத்தான் எடுக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது இன்னும் மோசம். இரு முனைப் பரப்புகளின் சராசரியைப் போட்டால் நீட்சி 0.57 மி.மீ. என்று வரும். உண்மையைவிட 20 சதவீதம் குறைவு. சராசரி விட்டத்தில் பிழை 11 சதவீதம்தான்.

சரி, முறையாகப் போடுவோம். ஒன்றும் பெரிய வித்தையில்லை. மெல்லிய முனையிலிருந்து x தூரத்தில் dx தடிமனுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய முனையின் விட்டம் d₁, தடித்த முனையின் விட்டம் d₂ என்றால் அந்த இடத்தின் விட்டம்:

d = d₁ + kx, இதில் k = (d₂ − d₁)/L

அந்தத் துண்டை மட்டும் பார்த்தால் அது சீரான தண்டு. அதன் நீட்சி:

dδ = 4P dx / [πE (d₁ + kx)²]

இதை 0 முதல் L வரை தொகையிட வேண்டும். இழுவிசை P எல்லா வெட்டிலும் ஒன்றே என்பதால் வெளியே வந்துவிடும். மிச்சம் இருப்பது 1/(d₁ + kx)² மட்டும்தான்:

δ = (4P/πEk) × (1/d₁ − 1/d₂)

அடைப்புக்குள் இருப்பது (d₂ − d₁)/(d₁d₂). k-யின் மதிப்பை உள்ளே போட்டால் d₂ − d₁ மேலும் கீழும் அடிபட்டுப் போகும்:

δ = 4PL / (πE d₁ d₂)

இவ்வளவுதான். சீரான தண்டின் சூத்திரத்தில் விட்டத்தின் வர்க்கம் இருந்த இடத்தில் இரு விட்டங்களின் பெருக்கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் தண்டில் 20 × 40 = 800; சராசரிக்காரர்கள் போட்டது 30 × 30 = 900. நீட்சிக்குச் சமமான சீரான தண்டு வேண்டுமென்றால் அதன் விட்டம் 800-இன் வர்க்கமூலம், அதாவது 28.3 மி.மீ. யங் குணகத்தை 200 கிகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன் என்று எடுத்தால் நீட்சி 0.716 மி.மீ. டயல் கேஜ் காட்டிய 0.72-ஐ வைத்துத் திருப்பிப் போட்டால் யங் குணகம் 199 கிகாபாஸ்கல் வருகிறது. ஸ்டீல் நல்ல ஸ்டீல்தான்.

தொகையிடும்போது மாணவர்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் வழுக்கி விழும் இடம், k-யால் வகுக்க மறப்பது. இன்னொன்று, விடையில் மடக்கை வந்து நிற்பது. மடக்கை வருவது தடிமன் மாறாமல் அகலம் மட்டும் குறையும் பட்டைத் தகட்டுக்கு. அங்கே பரப்பு x-இல் நேராக மாறுகிறது. வட்டத் தண்டில் பரப்பு வர்க்கத்தில் மாறுகிறது, ஆகவே மடக்கை வர வழியே இல்லை. வந்தால் தப்பான சூத்திரத்தை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விடை சரியா என்று பார்க்க நான் இரண்டு வேலை செய்வேன். d₁-ஐயும் d₂-ஐயும் சமமாக்கிப் பார்ப்பேன். PL/AE கிடைக்க வேண்டும். அப்புறம் தண்டை நடுவில் வெட்டிக் கணக்குப் போடுவேன். 20-லிருந்து 30 வரையுள்ள பாதி 0.477 மி.மீ. நீள்கிறது, 30-லிருந்து 40 வரையுள்ள பாதி 0.239 மி.மீ. கூட்டினால் அதே 0.716. மூன்றில் இரண்டு பங்கு நீட்சி மெல்லிய பாதியிலேயே முடிந்துவிடுவதைக் கவனியுங்கள். தொகையிடலே பிடிக்காது என்பவர்கள் நான்கு சம துண்டாக்கி, ஒவ்வொன்றின் நடு விட்டத்தையும் வைத்துக் கூட்டிப் பாருங்கள், 0.71 வரும். நான்கே துண்டில் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே துண்டாக எடுத்ததுதான் அந்த 0.64.

நீட்சியில் 11 சதவீதம் தவறினால் ஒரு ரிப்போர்ட் கெடும், ஒரு சரக்கு வீணாகத் திரும்பும். ஆனால் அதே சராசரி விட்டத்தை எடுத்துக்கொண்டு தகைவையும் கணக்கிடுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம். 30 மி.மீ. என்று போட்டால் 60 கிலோ நியூட்டனுக்குத் தகைவு 85 மெகாபாஸ்கல், மிகவும் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் 20 மி.மீ. முனையில் அது 191. இரண்டே கால் மடங்கு! விளைவுத் தகைவு 250 மெகாபாஸ்கல் உள்ள மைல்டு ஸ்டீல் என்றால் 78 கிலோ நியூட்டனைத் தாண்டியதுமே மெல்லிய முனை விளைய, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். சராசரிக் கணக்கோ 176 கிலோ நியூட்டன் வரை தாங்கும் என்று சொல்லும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறேன்: 28.3 மி.மீ. என்ற சம விட்டமும் நீட்சிக்கு மட்டுமே. அதை வைத்தும் தகைவைக் கணக்கிடாதீர்கள். தகைவுக்கு எப்போதும் ஆக மெல்லிய வெட்டுதான். அங்கே ஸ்டீல் விளைந்துவிட்டால் மேலே போட்ட நீட்சிச் சூத்திரமும் செல்லாது.

சூத்திரத்துக்கு வேறு வரம்புகளும் உண்டு. சரிவு மென்மையாக இருக்க வேண்டும். நம் தண்டில் அச்சிலிருந்து பக்கவாட்டுச் சாய்வு அரை டிகிரிகூட இல்லை, அதனால் கவலையில்லை. குட்டையாக, திடீரென்று விரியும் கூம்புக்கு இதைப் போட்டால் வெட்டு முழுவதும் தகைவு சீராக இருக்கும் என்ற அனுமானமே உடைந்துவிடும். d₁ பூச்சியத்தை நெருங்கினால் நீட்சி எல்லையில்லாமல் போகும். கூர்முனையில் ஒரு விசையைத் தொங்கவிட முடியாது என்பதைத்தான் கணக்கு அப்படிச் சொல்கிறது. செங்குத்தாகத் தொங்கும் தண்டின் சொந்த எடையும் இதில் சேராது. அங்கே விசை வெட்டுக்கு வெட்டு மாறும், தொகையிடலைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அளவெடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தயவுசெய்து மெஷினின் கிராஸ்ஹெட் நகர்வை நீட்சி என்று எழுதாதீர்கள். கிரிப்பில் வழுக்கியது, மெஷினின் சட்டம் நெகிழ்ந்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு டயல் கேஜ் வைத்துச் சராசரி எடுங்கள் (இங்கே சராசரி எடுக்கலாம், திட்ட மாட்டேன்). இழுவை கொஞ்சம் அச்சு விலகினாலும் ஒரு பக்கம் கூடுதலாகக் காட்டும். முதலில் சிறிய விசை கொடுத்துத் தண்டை உட்காரவைத்துவிட்டு அப்புறம் பூச்சியம் வையுங்கள். அந்தச் சிறிய விசையை P-யிலும் கழிக்க மறக்காதீர்கள். விசையை மறுபடி அந்த அளவுக்கே இறக்கியதும் முள் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லையென்றால் கிரிப்போ கேஜோ நகர்ந்திருக்கிறது, அல்லது மெல்லிய முனை விளைந்துவிட்டது.

கேஜின் கால்கள் சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இருக்கின்றனவா என்பதையும் ஸ்கேல் வைத்து அளந்து, படம் வரைந்து ரிப்போர்ட்டில் இணையுங்கள். பிடிப்புக்காக விட்ட 20 மி.மீ. விட்டமுள்ள நேர்ப்பகுதியில் 100 மி.மீ. நீளம் கேஜின் கால்களுக்கு உள்ளே வந்துவிட்டால் அது மட்டுமே 0.095 மி.மீ. கூடுதல் நீட்சி தரும். அந்தத் துண்டுக்குத் தனியாக PL/AE போட்டுக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சரிவுப் பகுதியின் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.